இரவல் கார்டில் தேடிய குரல்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்தேன். "சாப்பிட்டியா" என்று கேட்ட கணவரிடம் கூட, "இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று கத்தினேன். அவர் பாவம், தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தம்பியிடமிருந்து எந்தத் தகவலும் வராமல் இரண்டு வாரம் ஆகப் போகிறது. வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தான். அங்கே சரிப்பட்டு வரவில்லை என்று வெளியேறியவன், "வேற எடத்துக்கு வேலைக்குப் போறேன் ஆத்தா, போய்ச் சேந்துட்டுப் பேசுறேன்" என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் அனுப்பினான். அதோடு சரி. போன் அணைந்துவிட்டது. அனுப்பிவைத்த ஏஜென்ட், கம்பெனியை விட்டு ஓடிப்போனவனுக்குத் தான் பொறுப்பில்லை என்று கைகழுவிவிட்டார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்டில் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு உதவி செய்கிற ஒருவரின் எண் கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வேலை முடிந்து வந்து, தன் சொந்த வண்டியில் போய்த் தேடுகிற மனிதர். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி எல்லாம் பாத்துட்டேங்க. மார்ச்சுவரிலயும் பாத்துட்டேன், இல்ல. அந்த மட்டுக்கும் தைரியமா இருங்க. ஆனா இங்க இப்ப என்ன வெயில்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒரு ஊர்ப் பேரு, ஒரு ஆளு, ஏதாவது குடுங்க. இல்லேன்னா இந்தப் பாலைவனத்துல நான் எங்கிட்டுப் போயித் தேடுவேன்?"

போனை வைத்ததும் தம்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

யாரைப் பார்க்கப் போயிருப்பான்? தம்பி மனைவிக்கு மங்கலாக ஒரு நினைவு. அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர் ஏதோ தோட்டத்தில் வேலை பார்ப்பதாக எப்போதோ சொன்னான். எந்த ஊர்த் தோட்டம், எப்போது சொன்னான், எதுவும் நினைவில்லை. போன வருஷமா, அதற்கு முந்தியா என்று கூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் சொன்னது குரலில்தான். என் தம்பிக்கு டைப் செய்ய வராது, வணங்காது. "எந்திரிச்சிட்டேன்" என்பதிலிருந்து "தூங்கப் போறேன்" வரைக்கும் மைக்கை அமுக்கிப் பேசி அனுப்புகிறவன். அவன் போன நாளிலிருந்து வந்த குரல்கள் அத்தனையும் அம்மா போனிலும் அவன் மனைவி போனிலும் கிடந்தன. ஆயிரக்கணக்கில். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் உட்கார்ந்திருக்கிறாள். நாலைந்து கேட்பதற்குள் அழுது, மேற்கொண்டு முடியாமல் வைத்துவிட்டாளாம்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். பேச்சை எழுத்தாக மாற்றுகிற மாடல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாக் குரலையும் அதில் போட்டு எழுத்தாக்கிவிட்டால், 'தோட்டம்' என்று ஒரு சொல்லைத் தட்டித் தேடிவிடலாம். என் லேப்டாப்பில் ஓட்டினால் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்கு, வேகமாகக் கணக்குப் போடுகிற கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதையும் இரவல் கொடுக்கிற இடம் இருக்கிறது. கிளவுட் நோட்புக் என்பார்கள். பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், நாம் அதில் எழுதுகிற கட்டளை எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடும். காசில்லாமல் சில மணி நேரத்துக்கு ஒரு கார்டும் தருவார்கள். எப்போது பிடுங்கிக்கொள்வார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அம்மா என் வீட்டில்தான் இருந்தார், கேட்டதும் போனைக் கொடுத்துவிட்டார். தம்பி மனைவி அரிமளத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் போனைத் தராமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அதுல எங்க ரெண்டு பேரு பேச்சும் கெடக்கு."

"தெரியும்த்தா."

"எங்க அம்மாட்ட நான் பேசுனதும் இருக்கு. ஒங்களப் பத்தியும்…"

"என்னைத் திட்டுனது தானே? திட்டிட்டுப் போ. இப்ப அதுவா முக்கியம்?"

"மெஷின் கேட்டுக்கிரட்டும் அண்ணி. நீங்க கேக்காதீங்க. எழுதி வர்றதையும் படிக்காதீங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத நேரத்தில் இதென்ன என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். என் கணவர் எனக்குப் பேசி அனுப்பியதை நாத்தனார் உட்கார்ந்து படித்தால் நான் விடுவேனா? தேடுகிற சொல்லும் அதன் பக்கத்திலுள்ள நாலு சொல்லும் மட்டும் திரையில் வருகிற மாதிரி எழுதுகிறேன், முழுசாகத் திறக்க மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போன் கைக்கு வந்தது.

இரண்டு போனிலிருந்தும் குரல் கோப்புகளை எடுத்துத் தனித்தனிப் பொட்டலமாக ஜிப் செய்து, இணையத்தில் எனக்குள்ள டிரைவில் ஏற்றினேன். நோட்புக்கைத் திறந்து கார்டு கேட்டேன். கிடைத்தது. ஜிப்பை அங்கே பிரித்தேன். மொழியைத் தமிழ் என்று நானே குறித்துக் கொடுத்தேன். இல்லையென்றால் காற்றுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மலையாளம், இந்தி என்று அதுவாகவே முடிவுசெய்துகொள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டரும் இரவல்தான். தொடர்பு முறிந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அதிலிருப்பது எல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு குரலும் எழுத்தானதும் என் டிரைவில் போய் விழும்படி செய்தேன். இன்னொன்றும் சேர்த்தேன். ஒரு பெயரில் எழுத்துக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தக் குரலைத் தொடாதே, தாண்டிப் போ. நடுவில் அறுந்துபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா? இதெல்லாம் நான் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அன்றைக்கு எனக்கே உதவுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அம்மா போன். வரிசையாகக் கோப்புப் பெயர்கள் திரையில் ஓடின. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சும்மா விட்டால் 'இருக்கிறீர்களா' என்று அது கேட்கும், பதில் சொல்லாவிட்டால் துண்டித்துவிடும். மத்தியானம் கரண்ட் போயிற்று. மோடம் அணைந்தது. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மறுபடி இணைத்தேன். நல்லவேளை, அங்கே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால்.

அம்மாவுடைய கோப்புகளைத் திறந்து பார்க்கத் தடையில்லை. சரியாக வருகிறதா என்று ஒன்றைத் திறந்தேன். கண்ணில் பட்டது இதுதான்: நான் இல்லை நான் இல்லை நான் இல்லை நான் இல்லை. பக்கம் முழுக்க அதேதான். இயர்போனை மாட்டி அந்தக் குரலை ஓட்டினேன். பேச்சே இல்லை. எங்கோ வேலை செய்யும் இடத்தில் தெரியாமல் மைக்கை அமுக்கியிருக்கிறான், காற்று மட்டும் உஸ்ஸென்று அடிக்கிறது. பேச்சில்லாத இடத்தில் இந்த மாடல் சில சமயம் இல்லாததைக் கேட்டு எழுதும், எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன செய்ய? அந்த இரண்டு சொல்லையும் பார்த்த கண்ணை மூட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்தக் கோப்பை மட்டும் அழித்தேன்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. காத்து."

அம்மா போன் முடிந்து, அவள் போன் தொடங்கியது. அது சரசரவென்று ஓடியது. சில குரல்களைத் தொட்ட வேகத்தில் தாண்டிப் போயிற்று. சின்னச் சின்னக் குரலாக இருக்கும்போல என்று எனக்கு ஒரே சந்தோஷம். கார்டைப் பிடுங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் மனசு முழுக்க. பொழுது சாயும் நேரத்தில் முடிந்தது.

தேடினேன். 'தோட்டம்' வந்தது. எல்லாம் நம் வீட்டுக் கொல்லைப் பேச்சு. அங்கே தோட்டத்தை மஸ்ரா என்பார்களாம், கணவர் சொன்னார். மாடல் அதை எப்படி எழுதும் என்று யாருக்குத் தெரியும்? மசுரா, மசரா, மஜ்ரா என்று எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தேன். அறந்தாங்கி என்று போட்டேன். யாரோ கல்யாணத்துக்குப் போன சேதி ஒன்று. மற்றபடி எதுவும் இல்லை.

இல்லை என்று நான் சொன்னபோது அம்மா எழுந்து வந்தார். "இல்லேன்னா என்ன அர்த்தம்? எம்புள்ள இல்லேன்னா?" என்றார். நான், "ஆத்தா, வாயக் கழுவு" என்று கத்தினேன். பிறகு அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்குத் தம்பி செத்துப்போய்விட்டான் என்றே பட்டது.

தம்பி மனைவிதான் பேசினாள். தலையைக் குனிந்துகொண்டு, மாமியார் காதில் விழக்கூடாது என்று மெதுவாக.

"அண்ணி, தெனமும் காலைல மொதச் சேதியா, 'எந்திரிச்சிட்டியா கருப்பாயி'ன்னு கேப்பாரு. எம்பேரு அது இல்ல. சும்மா அப்படிக் கூப்புடுவாரு. அத ஒரு தடவ தேடிப் பாருங்களேன். மெஷினுக்கு அவரு பேசுறது புரியுதான்னு தெரிஞ்சிரும்."

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பெயரை வைத்து ஒரு வருஷம் அவளைக் கேலி செய்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. 'கருப்பாயி' என்று தட்டினேன். எங்கோ இரண்டு மூன்று இடத்தில் வந்தது. அவ்வளவுதான்.

"தெனமுமா சொல்லுவான்?"

"ஒரு நா விட்டதில்ல."

தினமும் சொன்னது ஏன் இரண்டு மூன்று இடத்தில் மட்டும்? அவளுடைய குரல் கோப்புகளையும் அதற்கு வந்த எழுத்தின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலைக் குரல்களின் எழுத்தெல்லாம் அம்மா போன் ஓடியபோதே வந்தவை.

வாட்ஸ்அப் குரலுக்கு வைக்கிற பெயரில் யார் அனுப்பியது என்று இருக்காது. தேதி இருக்கும், அன்றைக்கு எத்தனையாவது என்ற எண் இருக்கும். என் தம்பி தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் முதலில் அம்மாவுக்கு ஒரு குரல், அடுத்ததாக மனைவிக்கு ஒரு குரல் அனுப்புவான். அம்மா போனில் அன்றைய முதல் குரல் அது. மனைவி போனிலும் அன்றைய முதல் குரல் அது. இரண்டுக்கும் ஒரே தேதி, ஒரே எண், ஒரே பெயர். நானோ இரண்டு போனின் எழுத்தையும் ஒரே ஃபோல்டரில் விழும்படி வைத்திருந்தேன். அம்மாவுடைய எழுத்து ஏற்கெனவே அந்தப் பெயரில் கிடக்கிறது. 'இருந்தால் தாண்டிப் போ' என்று நான் சொன்னேனா, அது தாண்டிப் போயிருக்கிறது. அவன் தன் மனைவியோடு பேசிய காலைப் பேச்சுகளில் ஏறக்குறைய ஒன்றைக்கூட அது கேட்கவே இல்லை.

"அடிப்பாவி" என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதே சமயம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இல்லை என்று சொன்னோமே, இன்னும் தேடவே இல்லையே!

அவள் போனுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, மறுபடி ஓட்டக் கார்டு கேட்டேன். வரம்பு முடிந்துவிட்டது, இப்போது கார்டு தர முடியாது என்று வந்தது. எப்போது தருவார்கள் என்று இல்லை. கார்டு இல்லாமலேயே ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் குரலை முடிக்கவே மூச்சு வாங்கியது. அந்த வேகத்தில் போனால் எந்தக் காலத்தில் முடியும்? சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் திரையைப் பார்த்து, "நாசமாப் போறவனே, ஒரு மணி நேரம் குடேண்டா" என்று கெஞ்சினேன், திட்டினேன். அங்கே வெயிலில் அவன் கிடக்கிறான், இங்கே நான் இரவல் கார்டுக்குக் காத்திருக்கிறேன். அந்த நினைப்பு உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேட்டேன். இல்லை. இட்லி வெந்து இறங்கியதும் கேட்டேன். இல்லை. யாரும் அந்த இட்லியைத் தொடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது கொடுத்தார்கள். அவசரத்தில் கட்டளையைத் தப்பாக அடித்துத் திருத்தினேன். விடுபட்ட குரல்களை மட்டும், புதியதிலிருந்து பழையதுக்கு என்று ஓடவிட்டேன். அது ஓட ஓட, நான் இந்தப் பக்கம் தேடிக்கொண்டே இருந்தேன்.

கருப்பாயி, கருப்பாயி, கருப்பாயி என்று வந்துகொண்டே இருந்தது. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு வரி வந்தது. "அறந்தாங்கி அண்ணன் மசராவுல" என்று மூன்று சொல். அடுத்த சொல் ஏதோ ஊர்ப் பெயர், மாடல் அதைக் குதறி வைத்திருந்தது. தேதியைப் பார்த்தால் நாலைந்து மாதத்துக்கு முந்தியதுதான். சத்தியம் சத்தியம்தான். நான் கோப்பைத் திறக்கவில்லை. குரலை எடுத்து இயர்போனை அவளிடம் கொடுத்தேன்.

அவள் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பம்பு செட் ரூம் பக்கம் என்றாள். இங்கே முடியவில்லை என்றால் அங்கே போய்விடுவேன், ஆத்தாவிடம் சொல்லாதே, பயப்படும் என்று சொல்லியிருக்கிறான்.

"ஒங்கிட்டயே சொல்லிருக்கானே" என்றார் அம்மா.

அவள் இயர்போனைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். "புள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கிட்டே போட்டுக் கேட்ருக்கேன் அத்தை. குக்கர் சத்தத்துல… கேட்டுட்டு 'சரிங்க'ன்னு பதிலும் போட்ருக்கேன். என் காதுல ஏறலையே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

தஞ்சாவூர்க்காரருக்கு ஊர்ப் பெயரை அனுப்பினேன். "தூரம்ங்க. ஆனாப் போறேன்" என்றார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி வரவில்லை. அங்கே போய் அவர் என்னத்தைப் பார்ப்பாரோ என்ற பயம்தான் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. நடுவில் அவள், "அந்த எழுத்தெல்லாம் அழிச்சிருங்க அண்ணி" என்றாள். டிரைவிலும், அதன் குப்பைத் தொட்டியிலும், அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

போன் அடித்தது. வீடியோ இல்லை, குரல்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இருக்காருங்க. உசுரோட இருக்காரு. காச்சல்ல கெடந்திருக்காரு, போனு ஒடஞ்சு போச்சு, இங்க டவரும் இல்ல. ரோட்டுக்கு வண்டில கூட்டியாந்துட்டேன். இந்தா பேசுங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு, "ஆத்தா" என்றான். தொண்டை கட்டிய குரல். என் தம்பி குரல்தான்.

தம்பி மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவனை 'நீங்க', 'வாங்க' என்று தவிர ஒரு வார்த்தை சொல்லாதவள்.

"எங்கடா போன நீ?" என்று கத்தினாள். "டேய், எங்கடா போய்த் தொலஞ்ச? சொல்லுடா!"

மாமியார் முன்னால் புருஷனை அப்படிப் பேசிவிட்டோமே என்று உறைக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. போனைக் கீழே இறக்கி, பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிப்பாட்டாதத்தா. இன்னும் நல்லாக் கேளு" என்றார்.